காணாமல் போன ஒருவர், பதினாலு சாட்சிகள்: வாய்மொழி நாவல் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில் இருந்த சில ரப்பர் தோட்டங்களின் பழைய ஆட்களைப் பார்த்துப் பேசி, அந்தப் பேச்சுகளை அடிப்படையாக வைத்து ஒரு நாவல் எழுதினேன். 1974 தைப்பூசத்துக்குப் பிறகு ஒரு தோட்டத்து இளைஞர் காணாமல் போகிறார். பதினாலு பேர் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் நாவல். தோட்டமும் இளைஞரும் கற்பனை, நிஜமாகக் காணாமல் போன ஒருவரைப் பற்றிக் கேட்டதிலிருந்து கட்டியவை. பேச்சு கற்பனை இல்லை.

பிறகு பட்டர்வொர்த்தில் ஒரு கடைமாடியில் ஏழெட்டுப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள். முதல் பேட்டி முடிந்த இரவே உட்கார்ந்து, அழகான பேச்சுநடையில் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டார்கள். அது ஆறாவது படியில் செய்யவேண்டிய வேலை. அதனால் இங்கே வரிசையைத்தான் அதிகம் வலியுறுத்தப் போகிறேன்.

1. கிளம்புவதற்கு முன்

பதிவு செய்யக் கைப்பேசி போதும். ஆனால் இரண்டு கருவியில் பதியுங்கள். எண்பது வயதுப் பாட்டியிடம் "பாட்டி, பதிவாகலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால் அவர் சொல்லத்தான் செய்வார். ஆனால் இரண்டாம் முறை வருவது கதை. முதல் முறை வந்ததுதான் நினைவு.

ஒரு பேட்டிக்கு ஒரு நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் ஒரே நோட்டில் எழுதினால், ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நமக்கே தெரியாது. அந்த வருடத்துத் தமிழ் நாட்காட்டி ஒன்றும் வேண்டும். எதற்கு என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

அனுமதியைப் பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டு, அதையும் பதிவு செய்யுங்கள். "இதை நாவலாக எழுதப் போறேன், உங்க பேர் வராது, நீங்க சொன்னதை மாத்தி எழுதுவேன்" என்ற மூன்று செய்தியும் அதில் இருக்கவேண்டும். மூன்றாவதைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. மக்கள் தங்கள் பேர் வராததைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தாங்கள் சொல்லாததைச் சொன்னதாக எழுதினால்தான் கோபப்படுகிறார்கள்.

2. முதலில் வரைபடம், பிறகு ஆட்கள்

யாரிடமும் காணாமல் போனதைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் தோட்டத்தை வரையச் சொல்லுங்கள். லயங்கள் எப்படி நின்றன, தண்ணீர்க் குழாய் எங்கே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் எங்கே, ஸ்டோர், பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, கோயில், கள்ளுக்கடை, கணக்கெழுதும் கிராணியின் வீடு, ரோட்டுக்குப் போகும் செம்மண் பாதை. வரையத் தெரியாது என்பார்கள். விரலால் மேசையில் காட்டச் சொல்லி நீங்கள் வரையுங்கள்.

காணாமல் போன கதையில் "நான் பார்த்தேன்" என்பதுதான் முதலீடு. எங்கிருந்து பார்த்தார் என்று தெரியாமல் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. என் வரைபடத்தில் ஆயாக் கொட்டகையிலிருந்து வேலியோரப் பாதை தெரியும், கிராணி வீட்டு வாசல் தெரியாது. அதனால் ஆயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த இளைஞர் கிராணி வீட்டுக்குள் நுழைந்ததை அவர் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேறு ஆள் வேண்டும். நாவலில் எத்தனை குரல் தேவை என்பதை இந்த வரைபடம்தான் முடிவு செய்தது.

3. ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள்

அம்மாவிடமும் அண்ணனிடமும் முதலில் போகாதீர்கள். நெருங்கியவர்களிடம் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பான ஒரு கதை இருக்கும். அதை முதலில் கேட்டுவிட்டால், அப்புறம் சந்திக்கும் எல்லோரிடமும் அதைச் சரிபார்க்கும் கேள்விகளையே கேட்போம். ரொட்டிக்காரர், லோரி ஓட்டியவர், அப்போது சிறுபிள்ளையாக இருந்தவர் என்று வெளிவட்டத்தில் தொடங்குங்கள். அவர்களுக்குக் கதை இருக்காது, துண்டுகள்தான் இருக்கும். நமக்கு வேண்டியது துண்டுகள்தான்.

"அவர் எப்படிக் காணாமல் போனார்?" என்று கேட்டால் முடிவு வரும். "அன்னைக்கு என்ன பசியாறினீங்க?", "அந்த வாரம் யார் வீட்டுல விசேஷம்?" என்று கேட்டால் அந்த நாள் வரும். நாள் வந்துவிட்டால், காணாமல் போனவர் தானாக அதற்குள் நடந்து வருவார்.

தோட்டத்து ஆட்களைத் தனியாகப் பிடிப்பது கஷ்டம். ஒருவர் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா தேநீரோடு வந்து உட்கார்ந்து, "இல்ல அண்ணே, அது வெள்ளிக்கிழம" என்பார். அவரை எழுந்து போகச் சொல்ல முடியாது. இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள். பிறகு வேறு நாளில், ஏதாவது பழைய படத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் தனியாகப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். கூட்டத்தில் சொன்னதற்கும் தனியே சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். என் நாவலில் மூன்று அத்தியாயங்கள் அந்தக் குறிப்பிலிருந்து வந்தவை.

4. நிலவையும் கடிகாரத்தையும் வைத்துச் சரிபாருங்கள்

பேட்டிகளை எழுத்தாக்கிய பிறகு (ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது) உடனே நடையில் இறங்காமல், ஒவ்வொருவர் சொன்ன நேரத்தையும் வெளிச்சத்தையும் பருவத்தையும் சோதியுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. என் நாவலுக்குக் கதையே இங்கேதான் கிடைத்தது.

சம்பவம் தைப்பூசம் முடிந்து மூன்றாம் இரவு என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்த களைப்பு எல்லோருக்கும் நினைவிருந்தது. கங்காணி சொன்னார்: "எட்டு மணி இருக்கும், கும்மிருட்டு. எதிர்ல வந்தான், கொரல வச்சித்தான் ஆள் தெரிஞ்சுச்சு." அப்போது எட்டு வயதாக இருந்த ஒருவர் சொன்னார்: "அவரு சிலிப்பர்ல ஊக்கு குத்தியிருப்பாரு, அது நெலா வெளிச்சத்துல மினுக்குச்சு." ஒன்று இருட்டு, ஒன்று நிலவு. என் மாணவர்கள் எல்லோரும் ஒருவரைப் பொய்யர் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். நாட்காட்டி உதவுவது இங்கேதான். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. பௌர்ணமியன்று நிலவு சூரியன் மறையும் நேரத்தில் எழும். அதன்பின் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழும். மூன்றாம் இரவென்றால் கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரத் தாமதம். அன்று பொழுது சாய்ந்தது ஏழு மணி வாக்கில். ஆக, ஒன்பதரை மணி வரை கும்மிருட்டு, அப்புறம் நல்ல நிலவு. கங்காணி பார்த்தது முதலில், சிறுவன் பார்த்தது பிறகு. நடுவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்த இளைஞர் எங்கோ இருந்திருக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் நாவலின் நடுப்பகுதி.

அதோடு இன்னொரு கேள்வியும் முளைத்தது. நிலவு எழுந்த பிறகு எட்டு வயதுப் பையனுக்கு வெளியே என்ன வேலை? அடுத்த முறை கேட்டபோது சிரித்தார். அப்பாவுக்குச் சம்சுச் சாராயம் வாங்க அனுப்பப்பட்டிருக்கிறார்.

கடிகாரத்தையும் நம்பாதீர்கள். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. "காலை ஏழு மணி, இன்னும் நல்லா விடியலை" என்று ஒருவர் 1974-ஐப் பற்றிச் சொன்னால், அவர் இன்றைய விடியலை அந்த நாளுக்குக் கொண்டுபோகிறார் என்று அர்த்தம். பிப்ரவரியில் பினாங்குப் பக்கம் இன்று ஏழரைக்குப் பக்கமாகப் பொழுது விடிகிறது. அன்றைய கடிகாரப்படி அது ஏழு மணி.

பருவமும் பேசும். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும், காடு முழுக்கச் சருகு. அதில் நாய் நடந்தாலும் கேட்கும். "வீட்டுக்குப் பின்னால சத்தமே இல்லை" என்று அம்மா உறுதியாகச் சொன்னதை வைத்து, இளைஞர் மரங்களுக்குள் போகவில்லை, செம்மண் பாதையில்தான் போனார் என்று எடுத்துக்கொண்டேன்.

5. முரண்களுக்கு ஒரு பேரேடு

இனி ஒரு பெரிய தாளில், ஒத்துப்போகாத எல்லாவற்றையும் எழுதுங்கள். எதிரே காரணம். எனக்குத் தெரிந்து காரணம் மூன்று வகைதான்: இடமோ நேரமோ வேறு, நினைவு கலந்துவிட்டது, மறைக்கிறார்.

இடமோ நேரமோ வேறு என்பது நிலவுக் கதை போல. அதை அப்படியே விடுங்கள், இரண்டு குரலும் நாவலில் வரட்டும்.

நினைவு கலந்ததைப் புதியவர்கள் பிழை என்று எறிந்துவிடுகிறார்கள். ஒருவர் என்னிடம், "மறுநாளு பினாங்குப் பாலத்துல பஸ்ல போகையில அவனைப் பார்த்தேன்" என்றார். பாலம் திறந்தது 1985-ல். 1974-ல் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போக ஃபெரிதான். சரி, தப்பு என்று கோடு போட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் யாரையோ பார்த்திருக்கிறார், ஆனால் 1985-க்குப் பிறகு பார்த்திருக்கிறார். குறைந்தது பதினோரு வருடம் கழித்தும் ஒரு முகத்தைப் பார்த்தவுடன் இவன்தானோ என்று தோன்றியிருக்கிறது. பிறகு தேதி கரைந்து, அது "மறுநாள்" ஆகிவிட்டது. நாவலில் அது தனி அத்தியாயம். அவர் பாலம் என்றே சொல்வார், யாரும் திருத்த மாட்டார்கள். வாசகர் கண்டுபிடிப்பார்.

மறைப்பதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. நினைவு கலந்தவர் கேட்கும்போதெல்லாம் சற்று வேறு மாதிரி சொல்வார். மறைப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைகளில் சொல்வார். மூன்று பேர் வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டு "அவன் சயாமுக்குப் போயிட்டதா பேசிக்கிட்டாங்க" என்று எழுத்து மாறாமல் சொன்னபோது, இது எங்கோ ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்த வாக்கியம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான், எழுத்தாளராக, என்ன நடந்தது என்று முடிவு செய்து ஒரே பக்கத்தில் எழுதிப் பூட்டி வைக்கவேண்டும். "எனக்கே தெரியாது, அதுதான் அழகு" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உண்மை எது என்று தெரியாமல் ஒருவரைப் பொய் சொல்ல வைக்க முடியாது. அவர் எதிலிருந்து விலகுகிறார் என்பது தெரியவேண்டும்.

என் பக்கத்தில் எழுதியது இது. 1969-லிருந்து குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டையான சிவப்பு ஐசி வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பயம் பல வருடம் இருந்தது. என் கற்பனைத் தோட்டத்தில், பெர்மிட் புதுப்பித்துத் தருகிறேன் என்று கிராணி பல குடும்பங்களிடம் காசு வாங்குகிறார். இளைஞர் அந்த ஒன்றரை மணி நேரமும் கிராணி வீட்டில் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். காசு கொடுத்தவர்கள் வாயைத் திறந்தால் தாங்களும் மாட்டுவோம் என்று பயந்தார்கள். அதனால்தான் அந்தச் சயாம் கதை. நாவலில் இதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை.

6. இப்போது குரல்

பேச்சுநடை எழுதுவதென்றால் எழுத்தைக் கொச்சையாக்குவது என்று நினைக்கிறார்கள். பதினாலு பேரும் "வந்துச்சு, போச்சு" என்று பேசினால் அது ஒரே ஆள்தான். குரல் வேறுபடுவது மூன்று விஷயத்தில்: கண் எதில் நிற்கிறது, நேரத்தை எதால் அளக்கிறார், காணாமல் போனவரை என்னவென்று கூப்பிடுகிறார்.

ஆயா:

"அன்னிக்கு பதினொன்னு புள்ளைங்க. ஒன்னுக்குப் பேதி. அதை அலம்பி விட்டுட்டு நிமிர்றேன், தம்பி வேலியோரமா போவுது. கையில ஒன்னுமில்ல. வெறுங்கையோட யாராச்சும் ஊரை விட்டுப் போவாங்களா?"

கிராணி:

"செக்ரோலைப் பாருங்க. பூசத்துக்கு மறுநாள் ஆஜர், அதுக்கும் மறுநாள் ஆஜர். அப்புறம் கோடு. நான் பேரு எழுதறவன். ஆளு எங்க போனாருன்னு என்னைக் கேட்டா?"

அன்றைய சிறுவன்:

"அண்ணன் சிலிப்பர்தான் எனக்கு ஞாபகம். வலது கால்ல ஊக்கு. மூஞ்சி இப்ப கேட்டா சொல்லத் தெரியாது."

ஆயா பிள்ளைகளை எண்ணுகிறார், கிராணி நாட்களை எண்ணுகிறார், சிறுவனின் கண் காலுக்கு மேலே ஏறவில்லை. தம்பி, ஆளு, அண்ணன். என் நாவலில் அந்த இளைஞருக்குப் பேரே வராது. ஒவ்வொருவரும் தங்களுக்கு அவர் யாரோ அதைத்தான் சொல்கிறார்கள். பேரைச் சொல்லக்கூடியவர் அம்மா ஒருவர்தான், அவரும் "அவன்" என்றே பேசுகிறார்.

மலாய்ச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாசார், லோரி, கித்தா என்று அவர்கள் சொன்னது அப்படியே இருக்கட்டும், அடிக்குறிப்பு வேண்டாம். ஆனால் இன்றைய சொல் அன்றைக்குள் நுழையாமல் பாருங்கள். 1974-ஐ விவரிக்கும் ஒரு வரியில் என் மாணவர் ஒருவர் "ஹைவேயில்" என்று எழுதியிருந்தார். அந்தப் பாட்டி "பெரிய ரோட்டுல" என்றுதான் சொல்லியிருந்தார், பதிவில் இருக்கிறது.

சோதனை எளிது. எல்லாப் பகுதிகளிலும் தலைப்பை மறைத்து, ஐந்து வரி மட்டும் நண்பரிடம் வாசித்துக் காட்டுங்கள். யார் பேசுவது என்று சொல்ல முடியாவிட்டால் அந்தக் குரல் இன்னும் வரவில்லை, அல்லது அந்த ஆள் தேவையில்லை. எனக்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். பதினாலானது இப்படித்தான்.

7. கோர்ப்பது

ஒவ்வொரு துண்டையும் ஓர் அட்டையில் சுருக்கி எழுதித் தரையில் பரப்புங்கள். கால வரிசைப்படி அடுக்கினால் போலீஸ் ரிப்போர்ட் ஆகிவிடும். ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று அடுக்கினால், எட்டாவது ஆள் வரும்போது வாசகர் ஏற்கெனவே அறிந்ததையே மறுபடி கேட்பார்.

நான் கேள்வியை வைத்து அடுக்கினேன். ஒரு குரல் தெரியாமல் ஒரு கேள்வியை விட்டுச்செல்ல வேண்டும். அடுத்த குரல் அதற்குப் பதில் சொல்கிறோம் என்று தெரியாமலே பதில் சொல்லவேண்டும். ஆயா "வெறுங்கையோட" என்று முடிக்கிறார். அடுத்துப் பேசும் சலவைக்காரர் வேறு எதையோ சொல்லிவந்து, அந்த வாரம் ஒரு சட்டையை யாரும் திரும்ப வாங்க வரவில்லை என்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. சேர்த்து வைப்பது வாசகர்.

நிலவு வரும் சிறுவனின் பகுதியையும் கங்காணியின் இருட்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் நடுவே அறுபது பக்கம் விட்டேன். பக்கத்தில் வைத்தால் புதிர், தள்ளி வைத்தால் சந்தேகம்.

பேட்டி எடுப்பவர், அதாவது நீங்கள், உள்ளே எவ்வளவு வரலாம்? கேள்விகளை எடுத்துவிடுங்கள், பதிலிலேயே கேள்வி தெரியும். "பணமா? யார் சொன்னா உங்களுக்கு?" என்று கிராணி கேட்டால் போதும்.

8. எங்கே நிறுத்துவது

மலேசியாவின் 1950 சாட்சியச் சட்டம், 108-ஆவது பிரிவு, ஏழு ஆண்டு கணக்கொன்றை வைத்திருக்கிறது. ஒருவரிடமிருந்து இயல்பாகச் செய்தி வந்திருக்கவேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் வராவிட்டால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். காணாமல் போன கதைக்கு இது இயல்பான எல்லை. என் நாவல் 1981-ல் முடிகிறது. அண்ணன் தாளோடு வருகிறார், அம்மா கைநாட்டு வைக்க மறுக்கிறார். கண்டுபிடித்து முடிக்கவேண்டிய கட்டாயம் இதனால் போய்விட்டது. குடும்பம் அடுத்து என்ன செய்தது என்பதில் முடித்தால் போதும்.

9. அச்சுக்கு முன் திரும்பிப் போங்கள்

உயிரோடு இருக்கும் யாரையும் குற்றவாளியாக அடையாளம் காட்டும்படி எதுவும் இருக்கக்கூடாது. பேரை மாற்றினால் போதாது, சின்ன ஊரில் ஒரு வேலையும் ஒரு பழக்கமும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும். என் கிராணி நாலு தோட்டத்து நாலு பேரின் கலவை. குற்றம் அந்த நால்வரில் யாருடையதும் அல்ல, நான் உண்டாக்கியது.

குரல் கொடுத்தவர்களிடம் அவர்கள் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். படிக்கக் கொடுக்காதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆயாவின் குரலுக்கு மூலமான பாட்டி வெற்றிலையை மென்றபடி முழுதும் கேட்டார். வேலியோரம் நடந்த தம்பி, வெறுங்கை எல்லாம் நான் கட்டியவை. அதையெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. நான் முதலில் கொட்டகையில் ஒன்பது பிள்ளைகள் என்று எழுதியிருந்தேன். அங்கே மட்டும் கையைத் தூக்கி நிறுத்தினார். "பதினொன்னுய்யா. ரெண்ட எங்க விட்ட?"